வென்ற இடத்துக்கு மட்டும் பாடம்

நாய்ப் படங்களைக் காட்டிப் பழக்கிய இரண்டு நியூரல் நெட்வொர்க்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிய படத்தைக் காட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சரியாக ‘நாய்’ என்று சொல்லிவிடுகின்றன. ஆனால் படத்தின் எந்தப் பகுதியை வைத்து அப்படிச் சொல்கின்றன என்று நிறம் தீட்டிப் பார்த்தால், ஒன்று நாயின் முகத்தோடு நின்றுவிடுகிறது. மற்றொன்று முகம், முதுகு, கால் என்று உடல் முழுவதையும் தொட்டுக் காட்டுகிறது. 2016இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த போலெய் ஜோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த வகை வேறுபாட்டைத்தான் பேசியது. இரண்டு அமைப்புகளுக்கும் இடையே மாறியது கடைசியில் இருந்த ஓர் அடுக்கு மட்டுமே. ஒன்றில் மேக்ஸ் பூலிங், மற்றொன்றில் ஆவரேஜ் பூலிங்.

இரண்டுமே மிக எளிய வேலைகள். பல எண்களை வாங்கி ஒரே எண்ணாகச் சுருக்கித் தருகின்றன. மேக்ஸ் பூலிங் அவற்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறது. ஆவரேஜ் பூலிங் சராசரி எடுக்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்தால் நெட்வொர்க் கற்றுக்கொள்வதே மாறிப்போவது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, எண்கள் முன்னோக்கிப் போகும் வழியைப் பார்த்தால் போதாது. தவறு செய்த பிறகு திருத்தம் பின்னோக்கி வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

படத்தை அடையாளம் காணும் நெட்வொர்க்கில் ஃபில்டர் எனப்படும் சிறிய எண்பலகை ஒன்று படத்தின் மேல் இடம் இடமாக நகர்ந்து செல்கிறது. தான் தேடும் வடிவம், உதாரணமாக ஒரு சாய்ந்த விளிம்பு, அந்த இடத்தில் எவ்வளவு பொருந்துகிறது என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் தருகிறது. அப்படிக் கிடைக்கும் கட்டம் கட்டமான எண்களைத்தான் பூலிங் அடுக்கு சுருக்குகிறது. நெட்வொர்க் பதில் சொன்னதும் அது எவ்வளவு தவறு என்பது ஓர் எண்ணாகக் கணக்கிடப்படும். பிறகு கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்கு வரை ஒவ்வோர் எண்ணிடமும் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது: நீ கொஞ்சம் கூடினால் மொத்தத் தவறு எவ்வளவு கூடும், அல்லது குறையும்? அந்தக் கேள்விக்கான விடைதான் கிரேடியன்ட். விடை நேர்க்குறியாக இருந்தால் அந்த எண்ணைக் குறைக்க வேண்டும், எதிர்க்குறியாக இருந்தால் கூட்ட வேண்டும். பயிற்சி என்பது இதற்கேற்ப ஃபில்டர்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போவது.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்குக்கு நான்கு கட்டம் ஒன்று இருக்கிறது.

```
1  3 | 2  0
5  2 | 1  4
-----+-----
0  1 | 7  6
2  2 | 3  8
```

இதை இரண்டுக்கு இரண்டு ஜன்னல்களாகப் பிரித்திருக்கிறோம். மேக்ஸ் பூலிங் தருவது 5, 4, 2, 8. ஆவரேஜ் பூலிங் தருவது 2.75, 1.75, 1.25, 6.

மேல் இடது ஜன்னலை மட்டும் கவனியுங்கள். அதில் இருக்கும் 3 என்ற எண்ணை 3.01 ஆக்குகிறோம். மேக்ஸ் பூலிங்கின் விடை மாறுகிறதா? இல்லை, அது 5ஆகவே இருக்கிறது. 5ஐ 5.01 ஆக்கினால் விடையும் அப்படியே 5.01 ஆகிறது. ஆக, அந்த ஜன்னலில் விடையை அசைக்கக்கூடியது 5 இருக்கும் இடம் மட்டுமே. மற்ற மூன்றும் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விடைக்கு ஒன்றும் ஆகாது. எனவே அவற்றின் கிரேடியன்ட் சுழி. ஆவரேஜ் பூலிங்கில் 3ஐ 3.01 ஆக்கினால் விடை 2.75இலிருந்து 2.7525 ஆகிறது. 5ஐக் கூட்டினாலும் அதே அளவுதான், 1ஐக் கூட்டினாலும் அதே அளவுதான். நான்குக்கும் ஆளுக்குக் கால் பங்கு.

வென்ற இடத்துக்கு மட்டும் கிரேடியன்டை அனுப்ப வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து விதி வகுக்கவில்லை என்பதை இங்கே பார்க்கலாம். ‘பெரியதை எடு’ என்ற செயலை வகைக்கெழு கண்டால் அதுதான் வருகிறது.

மேலேயுள்ள அடுக்கிலிருந்து நான்கு ஜன்னல்களுக்கும் முறையே 0.4, -0.8, 0.2, 1.2 என்று கிரேடியன்ட் வந்து சேர்கிறது என்று கொள்வோம். மேக்ஸ் பூலிங் இதைப் பின்னோக்கி அனுப்பும்போது 5 இருந்த இடத்துக்கு 0.4, 4 இருந்த இடத்துக்கு -0.8, 8 இருந்த இடத்துக்கு 1.2 போகிறது. கீழ் இடது ஜன்னலில் இரண்டு 2கள் சமமாக நிற்கின்றன. அவற்றில் முதலாவதற்கு 0.2 போகிறது. மீதிப் பன்னிரண்டு இடங்களுக்கும் சுழி. ஆவரேஜ் பூலிங்கிலோ முதல் ஜன்னலின் நான்கு இடங்களுக்கும் தலா 0.1, இரண்டாவதற்குத் தலா -0.2, மூன்றாவதற்குத் தலா 0.05, நான்காவதற்குத் தலா 0.3. கூட்டிப் பாருங்கள். இரண்டு முறையிலும் மொத்தம் 1தான். திருத்தத்தின் மொத்த அளவில் கூடுதல் குறைச்சல் இல்லை; அது யார் யாருக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பைடார்ச் வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

```python
import torch
import torch.nn.functional as F

x = torch.tensor([[1., 3., 2., 0.],
                  [5., 2., 1., 4.],
                  [0., 1., 7., 6.],
                  [2., 2., 3., 8.]], requires_grad=True)
g = torch.tensor([[[[0.4, -0.8], [0.2, 1.2]]]])
F.max_pool2d(x[None, None], 2).backward(g)
print(x.grad)
```

`max_pool2d` என்ற இடத்தில் `avg_pool2d` என்று மாற்றி, முழு நிரலையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினால் இரண்டாவது முறையின் பங்கீடு கிடைக்கும்.

மேக்ஸ் பூலிங் பின்னோக்கி வேலை செய்ய ஒரு தகவலை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்: முன்னோக்கிப் போனபோது எந்த இடம் வென்றது? வென்ற எண்ணை மட்டும் வைத்திருந்தால் போதாது. நிரலைத் தாங்களே எழுதிப் பழகுகிறவர்கள் வழுக்கும் இடம் இது. இடத்தைக் குறித்துவைக்காமல், ‘விடைக்குச் சமமாக இருக்கும் எண்ணுக்கெல்லாம் கிரேடியன்டை அனுப்பு’ என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலான ஜன்னல்களில் அது சரியாகவே வரும். நம் கீழ் இடது ஜன்னலில் மட்டும் இரண்டு 2களுக்கும் தலா 0.2 போய், அந்த ஜன்னலின் மொத்தம் 0.4 ஆகிவிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது: உள்ளே வந்த கிரேடியன்ட்களின் மொத்தமும் வெளியே போனவற்றின் மொத்தமும் ஒன்றா என்று கூட்டிப் பார்த்தால் போதும்.

ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இன்னொரு கவனம் வேண்டும். 2012இல் பெயர் பெற்ற அலெக்ஸ்நெட்டில் மூன்றுக்கு மூன்று ஜன்னல் இரண்டிரண்டு கட்டமாக நகர்ந்தது. ஆகவே விளிம்பில் உள்ள ஓர் எண் இரண்டு ஜன்னல்களில், மூலையில் உள்ளது நான்கு ஜன்னல்களில்கூட ஒரே நேரத்தில் வெல்லலாம். அப்போது அத்தனை ஜன்னல்களின் கிரேடியன்டும் அந்த ஓரிடத்தில் கூட வேண்டும். பழையதை அழித்துப் புதியதை எழுதிவிட்டால் பயிற்சி நின்றுபோகாது, பிழைச் செய்தியும் வராது. நெட்வொர்க் சற்று மந்தமாகக் கற்கும், அவ்வளவுதான். இதையும் அந்த மொத்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

சமநிலை வேறொரு வகையிலும் குழப்பும். கிரேடியன்ட் சரியா என்று சோதிக்க, எண்ணைக் கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் குறைத்தும் விடை எவ்வளவு மாறுகிறது என்று நேரடியாக அளப்பது வழக்கம். இரண்டு 2கள் இருக்கும் ஜன்னலில் ஒரு 2ஐ 2.01 ஆக்கினால் விடை 0.01 கூடுகிறது. 1.99 ஆக்கினால் மற்ற 2 தாங்கிக்கொள்கிறது, விடை குறைவதில்லை. சோதனை ‘பாதி’ என்று சொல்லும், நிரல் ‘முழுசு’ அல்லது ‘சுழி’ என்று சொல்லும். நிரலில் தவறு இல்லை. மேக்ஸ் என்ற சார்பு அந்தப் புள்ளியில் முறிந்து திரும்புகிறது, அங்கே ஒற்றை வகைக்கெழு கிடையாது. சோதனைக்கு எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது சமமானவையும் மிக நெருக்கமானவையும் வராமல் பார்த்துக்கொள்வதே இதற்கு வழி.

இனி விஷயத்தின் உள்ளே போகலாம். தோற்ற இடங்களுக்குக் கிரேடியன்ட் போகவில்லை என்றால் அவை கற்காமலேயே கிடக்குமா? இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் இடங்கள் தனித்தனியாகக் கற்பதில்லை. ஒரே ஃபில்டர்தான் எல்லா இடத்துக்கும் போய் எண் தருகிறது. கற்பது அந்த ஃபில்டர். எந்த இடத்துக்குக் கிரேடியன்ட் வந்ததோ, அந்த இடத்தில் படத்தின் எந்தத் துண்டு இருந்ததோ, அந்தத் துண்டைப் பார்த்துத்தான் ஃபில்டர் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எனவே மேக்ஸ் பூலிங்கில் ஃபில்டர் தான் மிக வலுவாகப் பொருந்திய துண்டுகளிலிருந்து மட்டும் பாடம் கற்கிறது. சாய்ந்த விளிம்பைத் தேடும் ஃபில்டருக்கு, அக்கம்பக்கத்தில் அந்த விளிம்பு பளிச்சென்று தெரிந்த துண்டுதான் பாடம். ஆவரேஜ் பூலிங்கில் அரைகுறையாகப் பொருந்திய துண்டுகளும் சமபங்கு பாடம் நடத்துகின்றன. முதலாவது ஃபில்டரைக் கூர்மையாக்குகிறது. இரண்டாவது அதை மழுங்கலாக, ஆனால் நிதானமாக நகர்த்துகிறது. வெற்றியும் நிரந்தரமல்ல. நம் கட்டத்தின் கடைசி ஜன்னலில் 8க்கு வந்த கிரேடியன்ட் 1.2, அதாவது ‘குறை’ என்ற கட்டளை. சில படிகளில் அது 7க்குக் கீழே இறங்கினால் அடுத்த பாடம் பக்கத்து இடத்துக்குப் போய்விடும்.

ரெலு என்ற அடுக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப்படம் கிடைக்கும். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் பூலிங்குக்கு முன்னால் இது இருக்கிறது. எதிர்க்குறி எண்கள் எல்லாவற்றையும் சுழியாக்குவது இதன் வேலை. பின்னோக்கி வரும்போது சுழியான இடங்களில் கிரேடியன்டைத் தடுத்தும் விடுகிறது. இதனால் பூலிங்குக்கு வரும் ஜன்னல்களில் 0, 0, 6, 0 போன்றவை நிறைய இருக்கும். மேக்ஸ் பூலிங் இந்த ஜன்னலில் முழுக் கிரேடியன்டையும் 6க்கே அனுப்புகிறது, அது ரெலுவைத் தாண்டி ஃபில்டரைச் சேர்கிறது. ஆவரேஜ் பூலிங் கால் பங்கை மட்டும் 6க்கு அனுப்புகிறது. மற்ற முக்கால் பங்கு மூன்று சுழிகளுக்குப் போய் ரெலுவின் வாசலில் நின்றுவிடுகிறது. பூலிங்கில் மாறாமல் இருந்த மொத்தம் ஒரு படி கீழே இறங்கியதும் கால்வாசியாகிவிடுகிறது. அரிதாக மட்டுமே எழும் அடையாளங்களுக்கு மேக்ஸ் பூலிங் பொருத்தமானது என்று பூரோ, போன்ஸ், லெகூன் ஆகிய மூவரும் 2010இல் கணித வழியில் காட்டினார்கள். அவர்கள் காட்டியது முன்னோக்கிய பக்கத்தின் நன்மை. பின்னோக்கிய பக்கத்திலும் அதற்கு இப்படி ஒரு துணை இருக்கிறது என்பது என் எண்ணம். நான்குமே சுழியாக உள்ள ஜன்னலில் மேக்ஸ் பூலிங் முதல் இடத்தைப் பெயரளவில் வென்றதாகக் கொண்டு கிரேடியன்டை அனுப்பும். ரெலு அதை அங்கேயே நிறுத்திவிடுவதால் தீங்கு ஏதும் இல்லை.

யான் லெகூனும் சகாக்களும் 1998இல் விவரித்த லெநெட்-5 நான்கு எண்களையும் கூட்டி, கற்கக்கூடிய ஓர் எண்ணால் பெருக்கியது. அதாவது சராசரியின் வழி. அலெக்ஸ்நெட் மேக்ஸ் பூலிங்கோடு வந்தது. 2015இல் வந்த ரெஸ்நெட் இரண்டையும் வைத்திருக்கிறது: தொடக்கத்தில் ஒரு மேக்ஸ் பூலிங், கடைசியில் படம் முழுவதற்கும் ஒரே ஆவரேஜ் பூலிங். அந்தக் கடைசி இடத்தில்தான் இந்த இரண்டு முறைகளும் பெரிதாகப் பிரிகின்றன. அங்கே ஜன்னலில் இருப்பவை நான்கு இடங்கள் அல்ல, ஏழுக்கு ஏழு, 49 இடங்கள்.

நாய்ப் படத்துக்குத் திரும்புவோம். 49 இடங்களில் முகம் உள்ள இடம் 9 என்ற எண்ணைத் தருகிறது. முதுகும் கால்களும் உள்ள இடங்கள் 2, 3 என்று தருகின்றன. படம் முழுவதற்கும் மேக்ஸ் பூலிங் செய்தால் விடை 9. அதுவே ‘நாய்’ என்று சொல்லப் போதுமானது, தவறும் குறைந்துவிடுகிறது. முதுகின் எண் 2ஆக இருந்தாலும் 8ஆக இருந்தாலும் விடை மாறாது; எனவே ‘நீயும் நாயின் பகுதிதான்’ என்று அதற்கு யாரும் சொல்லப்போவதில்லை. முதல் ரேங்க் வாங்கும் மாணவரை வைத்து மட்டும் எடைபோடப்படும் பள்ளியில் ஆசிரியரின் கவனம் எல்லாம் எங்கே போகுமோ, அதே கதை. சராசரியை வைத்து எடைபோட்டால் யார் ஒரு மதிப்பெண் கூட எடுத்தாலும் லாபம். ஆவரேஜ் பூலிங்கில் முதுகின் எண் 2இலிருந்து 3ஆக உயர்வதும் முகத்தின் எண் 9இலிருந்து 10ஆக உயர்வதும் விடைக்கு ஒன்றே. ஆகவே நாயின் அடையாளம் தெரியும் எல்லா இடங்களையும் தேடிப்பிடிக்கும்படி நெட்வொர்க் உந்தப்படுகிறது. 2016ஆம் ஆண்டுக் கட்டுரை தந்த விளக்கமும் இதுதான். பொருளின் பெயரைச் சொல்வதில் இரண்டு முறைகளும் ஏறக்குறைய சமமாக இருந்தன. பொருள் எங்கே இருக்கிறது என்று எல்லை காட்டுவதில் ஆவரேஜ் பூலிங் முந்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் ஒகாப், போட்டூ, லாப்டேவ், சிவிக் ஆகியோர் மேக்ஸ் பூலிங்கைக் கொண்டு இதே முயற்சியைச் செய்திருந்தார்கள். அவர்களுடைய நெட்வொர்க் பொருளின் மேல் ஒரு புள்ளியைத்தான் காட்டியது, அதன் முழுப் பரப்பை அல்ல.

அப்படியானால் கடைசி அடுக்கில் எப்போதும் சராசரிதான் நல்லதா? நாய் படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும்வரை ஆம். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலில் இருக்கும் சிறு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 49 இடங்களில் அது ஒன்றில் மட்டும் இருக்கலாம். ‘இந்தப் படத்தில் கட்டி உண்டு’ என்பது மட்டுமே நெட்வொர்க்குக்குச் சொல்லப்படுகிறது, எங்கே என்பது சொல்லப்படுவதில்லை. ஆவரேஜ் பூலிங் செய்தால் ‘எண்ணைக் கூட்டு’ என்ற கட்டளையில் 49இல் ஒரு பங்குதான் கட்டிக்குப் போகும். மீதி 48 பங்கும் விலா எலும்புக்கும் இதயத்துக்கும் நலமாக இருக்கும் நுரையீரலுக்கும் போய், ‘இதுவும் கட்டியின் அடையாளம்’ என்ற பொய்ப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும். கட்டி இல்லாத படங்கள் வரும்போது அந்தப் பாடம் அழியும்தான். ஆனால் போட்டதையே அழித்துக்கொண்டிருப்பதில் பயிற்சியின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

மேக்ஸ் பூலிங்குக்கு வேறு ஆபத்து. பயிற்சியின் தொடக்கத்தில் ஃபில்டர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அப்போது 49இல் வெல்வது எது என்பது கிட்டத்தட்ட தற்செயல். காறை எலும்போ, படத்தின் மூலையில் பதிந்த எழுத்தோ வென்றால், முழுப் பாடமும் அங்கேதான் போகும். கட்டி உள்ள இடம் ஒரு சொல்லும் கேட்காது. படம் மாற மாற இது தானே சரியாகலாம். ஆனால் நோயாளிகளின் படங்களில் அடிக்கடி வரும் ஓர் அடையாளம், நோயோடு தொடர்பே இல்லாததாக இருந்தாலும், முதலில் வென்றுவிட்டால் அதை அகற்றுவது கடினம். வெல்வதால் பாடம் கிடைக்கிறது, பாடம் கிடைப்பதால் மறுபடி வெல்கிறது. எந்த இடம் வென்றது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் குறித்துவைத்து, அது ஒரே மூலையில் குவிகிறதா என்று பார்த்தால் இந்தச் சிக்கலை முன்கூட்டியே பிடிக்கலாம்.

2017இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 32,717 நோயாளிகளின் 1,08,948 மார்பு எக்ஸ்ரேக்களைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டபோது, அதன் ஆய்வாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியையும் சோதித்தார்கள். அதன் பெயர் லாக்-சம்-எக்ஸ்ப் பூலிங். எண்களைப் படிக்குறியாக உயர்த்திக் கூட்டி, மறுபடி மடக்கை எடுக்கும் முறை. பின்னோக்கி வரும்போது ஒவ்வோர் இடத்துக்கும் கிடைக்கும் பங்கு இது:

```
exp(r*x_i) / sum_j exp(r*x_j)
```

இதில் r நாம் தேர்ந்தெடுக்கும் எண். நம் முதல் ஜன்னலில் இருந்த 1, 3, 5, 2ஐ இதில் போட்டுப் பார்ப்போம். r 0.1 என்றால் நான்குக்கும் முறையே ஏறத்தாழ 21, 25, 31, 23 சதவீதம் போகிறது, சராசரிக்குப் பக்கம். r 1 என்றால் 1.5, 11, 83, 4 சதவீதம். வென்ற இடத்துக்குப் பெரும்பங்கு, ஆனால் இரண்டாம் இடத்துக்கும் காதில் விழுகிறது. r 10 என்றால் அநேகமாக எல்லாமே 5க்குத்தான், மேக்ஸ் பூலிங்கைப் போல.

r-க்கு எந்த மதிப்பு வைப்பது என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் பங்கைத் தீர்மானிப்பது எண்களுக்கு இடையிலான வித்தியாசம். பயிற்சி முன்னேற முன்னேற நெட்வொர்க் தரும் எண்கள் பெரிதாகும். 1, 3, 5, 2 என்று இருந்தவை 10, 30, 50, 20 ஆகிவிட்டால், r 1 என்று வைத்தது r 10 போல நடந்துகொள்ளும். நாம் எதையும் தொடாமலே சராசரியிலிருந்து மேக்ஸ் பக்கம் நழுவிவிடுவோம். ஆகவே இதைப் பயன்படுத்துகிறவர்கள், சில நூறு படிகளுக்கு ஒருமுறை முதலிடத்துக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. அது 99 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் மற்ற இடங்களுக்குப் பாடம் போவது நின்றுவிட்டது என்று பொருள். R-ஐக் குறைக்கலாம், அல்லது பூலிங்குக்கு முன் எண்களின் அளவைக் கட்டுக்குள் கொண்டுவரலாம்.